பட்டுச் சேலைக்கும் கம்பளிச் சுவெட்டருக்கும் பூந்திக்கொட்டை – வீட்டுப் பாடம்



லயத்துக்கு லயம் நாங்கள் போகும்போது தாய்மார் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, சேலையச் சவர்க்காரம் போட்டுத் தோய்ச்சா பளபளப்பு போயிருது. சுவெட்டரத் தோய்ச்சா சுருங்கிப் பிள்ளைக்குக் கூடப் பத்தாமப் போயிருது. என்னதான் செய்யிறது?" என்று கேட்கிறார்கள். வயதான பாட்டிமார் பக்கத்தில் இருந்தால், "அந்தக் காலத்துல நாங்க பூந்திக்கொட்டதான் போட்டோம்" என்று சொல்வார்கள். பாட்டிமார் சொல்வது சரிதான். ஆனாலும் எந்தத் துணிக்கு, எந்த அளவு, எப்படி என்று தெரியாமல் போட்டால் அதிலும் துணி கெட்டுப்போகும். ஆகவே இந்த இதழின் பாடமாகப் பூந்திக்கொட்டையை எடுத்துக்கொண்டோம்.

பூந்திக்கொட்டை என்பது எது?

இதனைப் பூவந்திக்கொட்டை என்றும் சொல்வார்கள். சிங்களத்தில் இதன் பெயர் பெனெல. மரத்தில் காய்ப்பது என்பதால் 'கஸ் பெனெல' என்றும் சொல்வார்கள். நாட்டு மருந்துக் கடையில் 'வெல் பெனெல' என்று கேட்டுவிடக் கூடாது. அது வேலியில் படரும் முடக்கொத்தான் கொடி. அதே போலப் புங்கங்கொட்டையும் வேறு. அது எண்ணெய் எடுக்கும் விதை. அதைத் துணியில் போட்டால் எண்ணெய்க் கறைதான் மிஞ்சும்.

பூந்தி மரம் நமது குளிர் மலைகளில் வளர்வதில்லை. கீழே வெப்பமான, மழை குறைந்த பக்கங்களில் வளரும். நாம் தின்னும் ரம்புட்டான் மரமும் இந்த மரமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. காய்ந்த காய் சுருக்கம் விழுந்து பழுப்பு நிறமாக இருக்கும். உடைத்தால் உள்ளே கறுப்பான, கடினமான விதை இருக்கும். அழுக்குப் போக்கும் சத்து இருப்பது மேல் தோலில்தான். விதையில் நமக்கு வேலை இல்லை. நகை வேலை செய்யும் பத்தர்மார் தங்க நகையைக் கழுவுவதும் இந்தத் தோலை ஊறவைத்த தண்ணீரில்தான்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தோல் உலர்ந்து, அமுக்கினால் முறியும் பதத்தில் இருக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்ததை வாங்க வேண்டாம். நமது மலைப் பக்கத்து ஈரக்காற்றைத் தோல் சீக்கிரம் குடித்து, ஒன்றோடு ஒன்று பிசினாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இறுக்கமான மூடியுள்ள டின்னில் போட்டு, அடுப்புக்குச் சற்றுத் தள்ளிக் காய்ந்த இடத்தில் வையுங்கள்.

சவர்க்காரம் ஏன் ஒத்துவருவதில்லை?

பட்டு, பட்டுப்புழு நூற்ற நூல். கம்பளி, செம்மறியாட்டின் மயிர். இரண்டும் உயிர்ப் பிராணியிலிருந்து வந்தவை. நமது தலைமயிரும் இதே இனந்தான். துணி தோய்க்கும் கட்டிச் சவர்க்காரத்தில் காரம் உண்டு. பருத்தித் துணி அந்தக் காரத்தைத் தாங்கும். பட்டும் கம்பளியும் தாங்காது. பட்டு நூல் மங்கிச் சொரசொரப்பாகும். கம்பளி மயிரின் மேலே மீன் செதில் போலச் சிறு செதில்கள் உண்டு. காரத்திலும் சூட்டிலும் செதில்கள் விரியும். அந்த நேரம் கசக்கினால் ஒரு மயிரின் செதில் மற்ற மயிரின் செதிலில் போய்க் கொளுவிக்கொள்ளும். பிறகு அவை பிரியாது. சுவெட்டர் சுருங்கித் தடித்துப்போவதன் காரணம் இதுதான்.

பூந்தித் தோலில் சப்போனின் என்ற நுரைக்கும் பொருள் உண்டு. இது தண்ணீர் நூலுக்குள் இறங்க உதவி செய்து, அழுக்கைப் பிரித்தெடுக்கும். பூந்தித் தண்ணீரில் காரம் இல்லை; இலேசான புளிப்புத் தன்மைதான் உண்டு. ஆகவே பட்டுக்கும் கம்பளிக்கும் அது பாந்தமானது. ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். காரத்தால் வரும் கேட்டை மட்டுந்தான் பூந்தி தவிர்க்கும். சுடுதண்ணீரில் போட்டுக் கசக்கினால், பூந்தித் தண்ணீரிலும் கம்பளி சுருங்கத்தான் செய்யும்.

முதலில் துணியைப் பாருங்கள்

பஜாரில் வாங்கும் சுவெட்டர்களில் பல கம்பளியே அல்ல. அக்ரிலிக் என்ற செயற்கை நூல். பட்டு மாதிரி மினுங்கும் சேலைகளிலும் பல பொலியெஸ்டர்தான். இவற்றுக்குப் பூந்திக்கொட்டை தேவையில்லை. சாதாரண சவர்க்காரத் தூளைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்துத் தோய்த்தாலே போதும். காசையும் நேரத்தையும் வீணாக்க வேண்டாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கழுத்துப் பக்கத்திலோ உள் தையலிலோ உள்ள துண்டுச்சீட்டைப் பாருங்கள். அது இல்லாவிட்டால் உள்தையலில் இருந்து அரை விரல் நீள நூல் ஒன்றை எடுங்கள். வெளியே, ஒரு தகரத் தட்டின் மேல் வைத்து நெருப்புக்குச்சியால் கொளுத்துங்கள். தலைமயிர் கருகிய வாடை வந்து, சாம்பல் விரலால் நசுக்கத் தூளானால் அது பட்டு அல்லது கம்பளி. உருகிக் கறுப்பு மணியாகக் கட்டிக்கொண்டால் அது செயற்கை நூல். சூடான மணியைத் தொட்டால் விரலில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஆற விட்டுப் பாருங்கள். இந்த வேலையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும்.

பூந்தித் தண்ணீர் தயாரிக்கும் முறை

100 கிராம் கொட்டை வாங்கி விதையை எடுத்துவிட்டால், பாதிக்குச் சற்றுக் கூடத் தோல் கிடைக்கும். இந்த அளவு ஒரு தடவைக்குப் போதும்.

1. கொட்டையை அம்மியில் மெதுவாகத் தட்டி உடைத்து விதையை நீக்குங்கள். தோலைத் தூளாக்க வேண்டாம். தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. வடிக்கும்போதும் துணி வழியே இறங்கிவிடும்.

2. 50 கிராம் தோலை, அதாவது ஒரு பெரிய கைப்பிடி, 1 லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போடுங்கள். காலையில் தோல் ஊதி வழவழப்பாக இருக்கும்.

3. அந்தத் தண்ணீரோடு அப்படியே அடுப்பில் வைத்து, மெல்லிய நெருப்பில் 20 நிமிடம் கொதிக்க விடுங்கள். பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். பால் பொங்குவது போல நுரை பொங்கி அடுப்பை அணைத்துவிடும். எவர்சில்வர் பாத்திரம் அல்லது மண்சட்டி நல்லது. துருப்பிடித்த இரும்புச் சட்டி கூடாது. துருக்கறை துணிக்குப் போய்விடும்.

4. நன்றாக ஆறிய பிறகு தோலைக் கையால் பிசைந்து சாறு எடுங்கள். இரண்டாக மடித்த பழைய வேட்டித் துணியில் வடியுங்கள். தோலின் துகள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. துகள் துணியில் ஒட்டிக் காய்ந்தால் அந்த இடம் பழுப்புப் புள்ளியாகும்.

இப்போது தேத்தண்ணி நிறத்தில் முக்கால் லீற்றர் அளவு கிடைக்கும். நல்லதா என்று பார்க்க, ஒரு போத்தலில் கொஞ்சம் ஊற்றிக் குலுக்குங்கள். நுரை எழும்பி இரண்டு மூன்று நிமிடம் நின்றால் சத்து இருக்கிறது. உடனே அடங்கினால் கொட்டை பழசு, அல்லது தண்ணீர் அதிகம்.

இதில் பாதி, ஒரு சுவெட்டருக்கு 4 லீற்றர் குளிர்ந்த தண்ணீரில் கலக்கப் போதும். ஒரு சேலைக்கு முழுவதையும் 8 லீற்றரில், அதாவது முக்கால் வாளித் தண்ணீரில் கலக்குங்கள். வடித்த சக்கையை அரை லீற்றர் தண்ணீரில் இன்னொரு தடவை கொதிக்க வைக்கலாம். அது பலம் குறைந்தது. மேல் துண்டு, ஸ்கார்ப் போன்றவற்றுக்கு ஆகும்.

தயாரித்த தண்ணீரைத் தேக்கி வைக்க முடியாது. அது தாவரச் சாறு. வெளியே வைத்தால் ஓரிரு நாளில் புளித்துவிடும். புளித்த வாடை, மேலே ஆடை, மூடியைத் திறந்தால் காற்று 'புஸ்' என்று வருவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஊற்றிவிடுங்கள். புளித்ததில் தோய்த்தால் அந்த வாடை சேலையை விட்டுப் போகாது. ஆகவே தோய்க்கும் நாளுக்கு முந்திய இரவில் மட்டும் ஊறப்போடுங்கள்.

நிறச் சோதனை – தவறவே விடக் கூடாத படி

துணியின் உள்மடிப்பில், வெளியே தெரியாத ஒரு மூலையைப் பூந்தித் தண்ணீரில் நனையுங்கள். அதன் மேல் நனைத்த வெள்ளைத் துணியை வைத்து, ஐந்து நிமிடம் கையால் அழுத்தி வையுங்கள். வெள்ளைத் துணியில் நிறம் ஏறினால் அந்த உடுப்பைத் தண்ணீரில் போடக் கூடாது. சேலையானால் உடல், கரை, முந்தானை என மூன்று இடத்திலும் தனித்தனியே பாருங்கள். மூன்றுக்கும் சாயம் வேறு வேறு.

ஓர் உதாரணம்

ஒரு பிரிவில் கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர் இரண்டு உடுப்புகளைக் கொண்டுவந்து காட்டினார். ஒன்று, நீல நிறச் சுவெட்டர். புகை வாடை, மண் அழுக்கு. மற்றது அவருடைய தாயாரின் கலியாணச் சேலை. பச்சை உடல், அரக்குக் கரை, சரிகை. அடுத்த மாதம் மகளுக்குச் சடங்கு. அந்தச் சேலையைத்தான் பிள்ளைக்குக் கட்ட வேண்டும் என்று பாட்டிக்கு ஆசை. அக்குள் பட்ட இடத்தில் வியர்வை அழுக்கு. முந்தானையில் பழைய எண்ணெய்ப் பொட்டு ஒன்று. "ரெண்டையும் பூந்தியில போட்ருவமா?" என்று கேட்டார்.

முதலில் நூல் சோதனை செய்தோம். இரண்டும் மயிர் கருகிய வாடைதான், செயற்கை அல்ல. அடுத்தது நிறச் சோதனை. சுவெட்டரில் வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது. சேலையின் பச்சை உடலிலும் சாயம் வரவில்லை. ஆனால் அரக்குக் கரையை அழுத்திய துணியில் ரோசா நிறம் தெளிவாக ஏறியது. சேலை முழுவதையும் வாளியில் போட்டிருந்தால், கரைச் சாயம் பச்சை உடலுக்கு இறங்கியிருக்கும். அதன் பிறகு என்ன செய்தும் எடுக்க முடியாது.

ஆகவே சுவெட்டரை மட்டும் தோய்ப்பது என்று முடிவாயிற்று. சுவெட்டரைப் பழைய பேப்பரின் மேல் விரித்து, ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு வைத்தோம். பிறகு உள்பக்கத்தை வெளியே புரட்டி, 4 லீற்றர் குளிர்ந்த தண்ணீரில் கலந்த பூந்தித் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவிட்டு, உள்ளங்கையால் மெதுவாக அமுக்கி அமுக்கி விட்டோம். தேய்க்கவில்லை, கசக்கவில்லை, கல்லில் அடிக்கவில்லை. நுரை சீக்கிரம் அடங்கித் தண்ணீர் கறுத்தது. அழுக்கு அதிகமாகிச் சத்துத் தீர்ந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, மிச்சப் பாதியைக் கலந்து இன்னொரு தடவை அமுக்கினோம். பிறகு நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசினோம்.

நனைந்த கம்பளி கனம். தோளைப் பிடித்துத் தூக்கினால் நீண்டு தொங்கிவிடும். இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தூக்கி, காய்ந்த துவாயில் விரித்து, பாய் சுருட்டுவது போலச் சுருட்டி அழுத்தினால் தண்ணீர் துவாய்க்கு இறங்கும். முறுக்கக் கூடாது. அதன் பிறகு இஸ்தோப்பில், வெயில் படாத இடத்தில், பேப்பரில் போட்ட கோட்டுக்குச் சரியாக இழுத்துச் சமப்படுத்திக் கிடையாக உலரவிட்டோம். பேப்பருக்கு மேலே ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அச்சு மை பிடிக்கும். பனிமூட்ட நாட்களில் இரண்டு மூன்று நாள் எடுக்கும். அவசரப்பட்டு அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் புகை வாடை திரும்பவும் வந்துவிடும்.

சேலைக்கு என்ன செய்தோம்? கொடியில் நிழலில் விரித்து ஒரு நாள் காற்றாட விட்டோம். அக்குள் பட்ட இடம் பச்சை உடலில் இருந்தது. கரைக்கு எட்டாத தூரம். அடியில் ஒரு வெள்ளைத் துணி வைத்து, பூந்தித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தோம். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் அதே போல மூன்று தடவை ஒற்றினோம். மேலாக இருந்த அழுக்கும் வாடையும் போயின. பழைய மஞ்சள் படிவு போகவில்லை. எண்ணெய்ப் பொட்டு பூந்திக்கு அசையவே இல்லை. "பொட்டு கொசுவத்துக்குள்ள போயிடும், வுடுங்க ஐயா, சேல தப்பிச்சதே போதும்" என்றார் அக்கா. சடங்கன்று பிள்ளைக்கு அந்தச் சேலைதான் கட்டினார்கள்.

நிறம் போகாத பட்டுச் சேலையானால்

மூன்று இடத்திலும் சாயம் வராவிட்டால் மட்டும் வாளியில் தோய்க்கலாம். ஊறப்போட வேண்டாம். பூந்தித் தண்ணீரில் சேலையை ஐந்து நிமிடத்துக்கு மேல் வைக்காமல் மேலும் கீழும் முக்கி எடுத்து, மூன்று முறை அலசுங்கள். துவாயில் சுருட்டி ஈரம் எடுத்து, உள்பக்கம் வெளியே தெரிய நிழலில் உலர்த்துங்கள். இலேசான ஈரம் இருக்கும்போதே மேலே பருத்தித் துணி போட்டு, மிதமான சூட்டில் அயன் பண்ணுங்கள். கனமான வெள்ளிச் சரிகைச் சேலையை வீட்டில் தோய்க்க வேண்டாம். ஈரம் பட்ட சரிகை கறுக்கலாம். அதற்கு டவுனில் உள்ள உலர்சலவைக் கடைதான் சரி.

பூந்தியால் முடியாதவை

பூந்தி மென்மையானது, அதனாலேயே பலமும் குறைவு. எண்ணெய், கிறீஸ், கறி மஞ்சள், கொழுந்துப் பால்க் கறை, தேத்தண்ணிக் கறை எதையும் அது போக்காது. மலைக்குப் போடும் உடுப்புகளுக்கு வழக்கமான சவர்க்காரந்தான் பொருத்தம்.

வெள்ளைத் துணிக்கும் இது ஏற்றதல்ல. சவர்க்காரத் தூளில் உள்ள வெளுப்புச் சத்து இதில் இல்லை. திரும்பத் திரும்பப் போட்டால் பள்ளிக்கூடச் சட்டை பழுப்பேறும்.

பூந்தி நோய்க்கிருமியைக் கொல்லும் என்று நம்பியிருக்க வேண்டாம். வயிற்றோட்டம், சொறி உள்ளவர்களின் துணிகள், கைக்குழந்தையின் துணிகள் ஆகியவற்றைச் சவர்க்காரத்தால் தோய்த்து, தாங்கக்கூடிய துணியைக் கொதிநீரில் போட்டு, வெயிலில் உலர்த்துவதே பாதுகாப்பு.

காய்ந்த பிறகு துணி பிசுபிசுப்பாக இருந்தால் அலசியது போதவில்லை. திரும்ப நல்ல தண்ணீரில் அலசினால் சரியாகிவிடும்.

எச்சரிக்கை

பூந்தித் தண்ணீர் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். உடனே நல்ல தண்ணீரால் 15 நிமிடம் கழுவுங்கள்; எரிச்சல் நிற்காவிட்டால் டிஸ்பென்சரிக்குப் போங்கள். கொட்டையையோ சாற்றையோ பிள்ளைகள் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். சாற்றைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது. அதன் நிறம் தேத்தண்ணி நிறம், பிள்ளைகள் குடித்துவிடுவார்கள்.

மிஞ்சிய தண்ணீரை ஓடையில் ஊற்ற வேண்டாம். சப்போனின் மீனின் செவுளைத் தாக்கிக் கொல்லும். பீலிக்கரையிலும் வேண்டாம்; கீழ் லயத்தார் அந்தத் தண்ணீரைக் குடிப்பார்கள். லயத்துக்குத் தள்ளி மண்ணில் ஊற்றுங்கள்.

ஞாபகத்துக்குச் சில கேள்விகள்

கே: சத்து விதையிலா, தோலிலா?
ப: தோலில். விதையை நீக்கிவிட வேண்டும்.

கே: தோய்க்கும் முன் செய்ய வேண்டிய இரண்டு சோதனைகள் எவை?
ப: நூல் சோதனை, நிறச் சோதனை.

கே: தோய்க்கும்போது நுரை சட்டென்று அடங்கினால்?
ப: சத்துத் தீர்ந்துவிட்டது. தண்ணீரை மாற்றிப் புதிதாகக் கலக்க வேண்டும்.

கே: கரையில் சாயம் இறங்கும் சேலையை என்ன செய்வது?
ப: வாளியில் போடாமல், காற்றாட விட்டு, கரைக்கு எட்டாத அழுக்கை மட்டும் ஒற்றி எடுக்க வேண்டும்.

பெட்டியில் உள்ள சேலையில் சாயம் இறங்குமா என்று சந்தேகம் உள்ள தாய்மார் அடுத்த நலன்புரிக் கூட்டத்துக்கு அதைக் கொண்டுவாருங்கள். வெள்ளைத் துணியும் பூந்தித் தண்ணீரும் நாங்கள் வைத்திருப்போம்; எல்லோருமாகச் சோதித்துப் பார்ப்போம்.